அவசரத்துக்கு ஒரு காரணம்

கண்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்ச்சபைக் கந்தோரில் சுவக்கின் என்பவர் தண்ணீர்ப் பிரிவுக் கிளாக்கர். பிரிவுக்குத் தலைவர் இஞ்சினியர் துரை. துரை பெயரில் போகும் எழுத்தெல்லாம் சுவக்கின் எழுதுவது. துரை செய்வது கையெழுத்து மட்டும். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கும்.

அந்த மாசி மாதம் பம்பின் தண்டு இரண்டாக முறிந்தது. மேட்டில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பைப்பு வறண்டு, பெண்கள் ஓடையில் கலங்கலை மொண்டார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. சுவக்கினின் சின்ன மகள் றீற்றாவும் படுத்துவிட்டாள்.

புதுத் தண்டு வாங்க சுவக்கின் நிதிப் பிரிவுக்குக் குறிப்பு எழுதி, மூன்று விலைக்குறிப்புகளையும் சேர்த்து அனுப்பினார். விலை குறைந்த இரண்டும் சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும். கூடிய விலைக்காரரிடம் கொழும்பிலேயே சரக்கு இருந்தது. அதனால் அதையே வாங்கவேண்டும் என்று காரணமும் காட்டியிருந்தார்.

கணக்காளர் நடராஜா அவரைக் கூப்பிட்டார். "விலை விசயம் சரி ஐசே. ஆனால் முன்கூட்டியே தெரியாத செலவுக்குத்தான் அவசரக் காசு. தண்டு ஏன் முறிஞ்சது எண்டு எழுதேல்லையே? எழுதித் தாரும், உடனை விடுறன்."

ஏன் முறிந்தது? போன வருஷமே விரிசல் கண்டு, மாற்றவேண்டும் என்று பம்புக்காரர் ராஜலிங்கம் சொன்னார். சுவக்கின் அதை வரவுசெலவுத் திட்டத்தில் சேர்த்தார். துரை சிவப்பு மையால் அடித்துவிட்டார். அதை அப்படியே எழுதிக் கொண்டுபோனபோது, துரை கிழித்துக் கூடையில் போட்டார். பம்புக்காரன் எண்ணெய் விடவில்லை, அதனால் திடீரென்று முறிந்தது என்று எழுதினால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை என்றார்.

ராஜலிங்கம் அடுத்த வீட்டுக்காரர். ஒரு நாளும் எண்ணெய் தவறவிடாத மனுஷன். சுவக்கின் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுதாவிட்டால் லயத்துக்குத் தண்ணீர் இல்லை, றீற்றாவுக்கும் இல்லை. எழுதினால் ஒருவன் சோறு போகும். இரண்டு பக்கமும் மத்தளத்துக்கு அடி. வெட்கத்தோடு எழுதினார்.

தண்டு வந்தது, பைப்பில் தண்ணீர் வந்தது, றீற்றா எழுந்து உட்கார்ந்தாள். ராஜலிங்கத்துக்கு வேலை நீக்கக் கடிதமும் வந்தது.

அன்று பின்னேரம் அவர் கடிதத்தோடு சுவக்கின் வீட்டுக்கே வந்தார்.

"யாரோ எம்மேல பொய்யா எழுதிட்டாங்கண்ணே. நீங்கதான் கந்தோருக்கு ஏத்த மாதிரி எழுதுவீங்க. சபைக்கு ஒரு மனு போட்டுத் தாங்க. ஒங்களத் தவிர எனக்கு ஆரு இருக்கா?"

எழுதியது தான்தான் என்று சொல்லாமலே சுவக்கின் தாளை எடுத்து, ஒரு நாளும் எண்ணெய் தவறவில்லை என்று மனுவை உள்ளபடியே எழுதிக் கொடுத்தார். ராஜலிங்கம் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மனு சபைக்குப் போய், விளக்கம் கேட்டுத் துரைக்கு வந்தது. துரை அதை வாசிக்கவும் இல்லை. "மறுத்து எழுதிக் கொண்டு வா" என்று சுவக்கினின் மேசையில் போட்டுவிட்டுப் போனார்.