பையைப் பற்றிய பத்தி

மூணாறுக்கு மேலே மாட்டுப்பட்டி போகிற வழியில் உள்ள ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலை எனக்கு. எங்கள் மேனேஜர் கொங்குத் தமிழ் பேசும் நல்லேப்பிள்ளிப் பக்கத்துப் பெண்மணி. இங்கிருந்து போவதாகச் சொன்ன அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, சால்வை கேக் எல்லாம் வேண்டாம் என்றார்.

"நீங்க எல்லாருஞ் சேந்து ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க. நான் நல்லா செஞ்சது என்ன, செய்யாம உட்டது என்னன்னு. ஒளிக்காம எழுதோணுங்க."

வேறு கம்பெனிக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு துணிந்து ஒத்துக்கொண்டோம். அறைகள் காலியாகி அடுத்த விருந்தினர் வருவதற்கு முன் கிடைக்கும் மதிய இடைவெளியில், ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டேன். கூட்டமாகக் கேட்டால் சமையல் மாஸ்டர் சொல்வதற்கே மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஒருவர் மட்டும் சொன்னதை, வேறு யாரும் கண்ணால் பார்த்திராவிட்டால் விட்டுவிட்டேன். மேனேஜருடைய குடும்பத்தைப் பற்றி வந்த பேச்சைத் தொடவே இல்லை. 'திமிர்' என்றார் டிரைவர். என்ன நடந்தது, அதனால் நமக்கு என்ன ஆனது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, டியூட்டி மாற்றத்தைக் கடைசி நேரத்தில் வாட்ஸ்அப்பில் போடுவார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட முடியாமல் திண்டாடுவோம் என்றார். அதை எழுதினேன்.

நல்லதையும் அப்படியே. 'நீங்கள் திறமைசாலி' என்று எழுதி என்ன பயன்? 'மண் சரிந்து ரோடு அடைபட்ட மழையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த எங்கள் வரிசை வீடுகளுக்கு முதலில் ஆள் அனுப்பி விசாரித்தீர்கள். வேலை தெரியாமல் வந்தவர்களுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தீர்கள்' என்று எழுதினோம்.

மிச்சமிருந்தது பை விஷயம். ஒரு விருந்தாளி செயினைக் காணோம் என்று கத்தியபோது, அறை சுத்தம் செய்யும் பெண்ணின் பையை மேனேஜர் ரிசப்ஷன் மேசையில், எல்லோர் முன்னாலும் கொட்டிப் பார்த்தார். செயின் அந்த விருந்தாளியின் சோப்புப் பைக்குள்ளேயே கிடைத்தது. அதற்குப் பிறகு மேனேஜர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோருமே இதைச் சொன்னார்கள். எழுதினால் யாரென்று தெரிந்துவிடும். அதனால் அவளிடமே கேட்டேன். பெயர் வேண்டாம், 'திருட்டு' என்ற சொல்லும் வேண்டாம் என்றாள்.

'ஒரு பை எங்கள் எல்லோர் முன்னாலும் திறக்கப்பட்டது. எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் நீங்கள் எங்களிடம் பேசவில்லை. அன்றிலிருந்து விருந்தாளி குரல் உயர்த்தினாலே அடுத்து யாருடைய பை என்று பார்க்கிறோம். புதிய இடத்தில், முதலில் உங்கள் ஆட்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.'

எழுதி முடித்த பிறகு ஹெட் ஆபீஸிலிருந்து மெயில் வந்தது. அவர் கம்பெனியை விட்டுப் போகவில்லை. எங்களுடையது உட்பட எல்லா ரிசார்ட்டுகளுக்கும் மேலதிகாரியாகிறார். எங்கள் வருட மதிப்பீடும் இனி அவர் கையெழுத்தில்தான்.

யார் எழுதியது என்று தெரியக்கூடாதென்று கம்ப்யூட்டரில் இருந்ததைக் கையால் நகல் எடுத்துவிட்டு அழித்தேன். எழுதி முடித்த பிறகுதான், அது என் கையெழுத்து என்பது உறைத்தது. மாஸ்டர் அதைக் கிழித்துப் போடச் சொன்னார். நல்லதை மட்டும் வைத்துப் புதிதாக எழுதலாம் என்றார். பலருக்கும் அதே எண்ணம்தான். எனக்கும்.

துணி அலமாரி அறையில் போர்வை மடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன்.

"எழுதுனத எழுதுனபடியே குடுங்கக்கா," என்றாள். "இனி எல்லா எடத்துக்கும் அவங்கதான மேல. அங்கயும் என்னய மாதிரி பொம்பளைக இருப்பாளுகல்ல."

கடைசி நாள் காலையில், எல்லோரும் கூடியிருந்த சாப்பாட்டு ஹாலில் குறிப்பை மேனேஜரிடம் கொடுத்தேன். தனியாக வாசிப்பார் என்று நம்பியிருந்தேன். அங்கேயே உட்கார்ந்து வாசித்தார். கீழே வரை போன கண்கள் திரும்ப மேலே வந்து பையைப் பற்றிய பத்தியில் நின்றன. மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை ஆரு சொன்னதுங்க?"

எல்லோருமாகத்தான் சொன்னோம் என்றேன். அவள் பின் வரிசையிலிருந்து எழுந்தாள்.

"அது எம் பைதான் மேடம்."

மேனேஜர் தாளிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "அன்னிக்கே வந்து பேசியிருக்கோணும்," என்றார். "நாளாக நாளாக வாய் வரலீங்க. தப்புத்தான்." தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஜீப் ஏறினார்.

எனக்கு நிம்மதி வரவில்லை. எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டோமே, அந்த அவமானத்துக்குப் பழி தீர்த்துக்கொள்வார் என்றே தோன்றியது. ஹெட் ஆபீஸ் மெயில் வந்தால் திறக்கப் பயந்து மாஸ்டரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டேன். மதிப்பீடு வந்தது. யாருக்கும் குறைத்திருக்கவில்லை. கூடவே எல்லா ரிசார்ட்டுகளுக்கும் ஒரு உத்தரவு: பொருள் காணாமல் போனால் முதலில் விருந்தாளியுடன் சேர்ந்து அறையைத் தேட வேண்டும், பணியாளரின் பையை யாரும் தொடக்கூடாது.

பிறகு அவர் மேற்பார்வைக்கு வந்தபோது என்னிடம் தலையசைத்துவிட்டு நேரே துணி அலமாரி அறைக்குப் போனார். அவளுடன் நெடுநேரம் உள்ளே இருந்தார். வெளியே வந்தபோது, அவள் மடித்த போர்வைகளில் பாதி அவர் கையில் இருந்தன.