‘முழுச் சம்மதம்’ என்று எழுதிய மின்னஞ்சல்

நான் ஒரு மின்னஞ்சலில் பொய் சொன்னேன். என் நெருங்கிய நண்பன் தன் தாயைப் பற்றி என்னிடம் மட்டும் சொன்ன ஒன்றை, அவனைக் கேட்காமலேயே ஒரு பத்திரிகைக்குக் கட்டுரையாகத் தர முன்வந்தேன். ‘அவருடைய முழுச் சம்மதம் கிடைத்துவிட்டது’ என்றும் எழுதினேன். கேட்டால் சம்மதிப்பான் என்று நினைத்தேன் என்பது இன்று சொல்லும் சமாதானம். கேட்டால் மறுப்பான் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

ராஜபாளையத்தில் கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆங்கிலத்தில் கட்டுரைகள் எழுத ஆரம்பித்தேன். எந்தப் பத்திரிகையிலும் வேலை கிடையாது. கட்டுரைக்கு இவ்வளவு என்று பணம் வரும் ஏற்பாடு. முதலில் ஆசிரியருக்கு ஒரு யோசனையை எழுதி அனுப்ப வேண்டும். இதுதான் கதை, இதை இப்போது ஏன் வெளியிட வேண்டும், இத்தனை சொல் வரும், இவர்களிடம் பேசுவேன், படம் கிடைக்கும், வேறு யாருக்கும் அனுப்பவில்லை என்று ஒரு பக்கத்துக்குள் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் பதிலே வராது. வந்தால் ‘எங்களுக்குப் பொருந்தாது’ என்று ஒற்றை வரி. அந்த ஆண்டில் அப்படி எத்தனை அனுப்பினேன் என்று நினைவில்லை. அலுத்துப் போயிருந்தேன். மனைவி இறந்த வீட்டில், கணினியைத் திறந்து மூடுவதே அன்றாட வேலை.

சனிக்கிழமைகளில் பேருந்து ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவேன். பள்ளியில் என்னோடு படித்தவன் அங்கே இருந்தான். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கத்தோலிக்கக் குடும்பம். அவனுடைய ஒரே மகன் பட்டாளத்தில் சுபேதார், வடக்கே இருந்தான். மருமகளும் பேத்தியும் இவனோடு இருந்தார்கள். நாங்கள் இருவரும் பெரிய கண்மாய்க் கரையில் நடப்போம்.

“ஏலே, நீ எழுதுறத யாருலே படிக்கா? சலூன்ல கூட அந்தப் புஸ்தகம் கெடக்கலயே,” என்பான்.

“சலூன்ல இங்கிலீஷ் பத்திரிகை போட மாட்டானுக.”

“அப்பம் நம்ம பயலுவ யாருக்கும் தெரியாது. நல்லதாப் போச்சு. நீ என்ன எழுதினாலும் ஒதை விழாது.”

ஒரு சனிக்கிழமை அவன் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் நடந்தான். அவன் தாய் இறந்து ஒரு ஆண்டு முடிந்து, காலையில்தான் கோயிலில் பூசை வைத்திருந்தான். கரையில் உட்கார்ந்ததும் சொன்னான்.

அவன் அப்பா உலகப் போரில் பர்மாவுக்குப் போன சிப்பாய். அங்கிருந்து படை பின்வாங்கியபோது காணாமல் போய்விட்டார் என்று வீட்டுக்குத் தந்தி வந்தது. உண்மையில் அவர் காணாமல் போகவில்லை. அகதிகளோடு சேர்ந்து நடந்தும், பிறகு ரயிலிலுமாக ஊர் வந்து சேர்ந்துவிட்டார். மறுபடி பட்டாளத்தில் போய் நிற்கத் தைரியம் இல்லை. கூமாப்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு உறவினரின் தென்னந்தோப்பில் மறைந்துகொண்டார். யாரும் சந்தேகப்படக் கூடாது என்று மனைவி வெள்ளைச் சேலை கட்டினாள். உயிரோடு இருக்கிற புருஷனுக்கு இறந்தோர் பூசையும் வைத்தாள். தோப்புக்குத் தேங்காய் வாங்கப் போவதாகச் சொல்லிப் போய்வந்தாள். அப்போது உண்டானவன்தான் இவன்.

விதவைக்குப் பிள்ளை பிறந்தால் ஊர் என்ன சொல்லும்? சொன்னது. போர் முடிந்த பிறகு அப்பா, ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்ததாகச் சொல்லி ஊருக்குள் வந்தார். வந்தவர் இந்தப் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எப்பேர்ப்பட்ட மனசு அந்த மனுஷனுக்கு என்று ஊர் புகழ்ந்தது. சாகும்வரை அந்தப் புகழோடு இருந்தார். அம்மா சாகும்வரை அந்தப் பேச்சோடு இருந்தாள்.

“கடைசிக் காலத்துலதான் எங்கிட்டச் சொன்னா,” என்றான். “அம்புட்டு வருஷமும் வாய் தொறக்கல. சொல்லிட்டா அப்பாவ ராணுவத்துக்காரன் புடிச்சிட்டுப் போயிருவான்னு பயம். அவியளே செத்துப்போன பொறவும் அந்தப் பயம் போவல அவளுக்கு.”

“உன் மகனுக்குத் தெரியுமா?”

“எப்படிலே சொல்ல? அவங்க தாத்தா படம் மாட்டியிருக்கான் அவன் குவாட்டர்ஸ்ல. அதப் பாத்துத்தான் பட்டாளத்துல சேந்தான். ஒன்கிட்டச் சொல்லிட்டேன், போதும். நெஞ்சு கொஞ்சம் லேசாருக்கு.”

கடைசிப் பேருந்தில் திரும்பும்போதே என் தலைக்குள் முதல் பத்தி ஓட ஆரம்பித்துவிட்டது. இப்படி ஒரு கதை எந்த எழுத்தாளனுக்கும் வாழ்நாளில் ஒருமுறைதான் வாய்க்கும் என்று எண்ணினேன். அந்தத் தாயின் பழி நீங்கட்டுமே என்றும் எண்ணினேன். முதல் எண்ணத்துக்குப் போட்ட போர்வைதான் இரண்டாவது.

டெல்லியில் ஒரு மாத இதழ் இருந்தது. எனக்கு நான்கு முறை மறுப்பு எழுதிய இதழ். அதன் ஆசிரியைக்குத்தான் எழுதினேன். ‘கட்டுரை யோசனை: உயிரோடு இருந்த கணவனுக்கு இறந்தோர் பூசை’ என்று தலைப்பு வரியில் போட்டேன். உள்ளே வெள்ளைச் சேலையோடு தொடங்கினேன். போர்க்காலத்துப் பெண்கள் வாய்மூடிச் சுமந்ததை இன்னும் யாரும் எழுதவில்லை என்றேன். இரண்டாயிரத்து ஐந்நூறு சொற்கள், ஒரு மாத அவகாசம், பழைய குடும்பப் படங்கள் உண்டு, தோப்பு இன்றும் இருக்கிறது. வெளிவந்த என் கட்டுரைகள் இரண்டின் இணைப்பைக் கொடுத்தேன். கடைசியில் அந்த வரி: அந்தத் தாயின் மகன் தன் பெயரோடும் படத்தோடும் பேச முழுச் சம்மதம் தந்திருக்கிறார்.

மூன்றாம் நாளே பதில் வந்தது. வேண்டும் என்றார் ஆசிரியை. சொல்லுக்கு இவ்வளவு, கட்டுரை தந்தபின் நாங்கள் வெளியிடாவிட்டால் அதில் கால் பங்கு என்று எழுதியிருந்தார். எனக்கு அதுவரை கிடைத்திராத தொகை. ‘இவ்வளவு அந்தரங்கமான விஷயம் என்பதால் கேட்கிறேன். அவர் உறுதியாகச் சம்மதித்தாரா? தொலைபேசி எண் தர முடியுமா?’ என்றும் கேட்டிருந்தார்.

அந்த இடத்திலாவது நின்றிருக்கலாம். ‘உறுதியாக’ என்று எழுதி, எண்ணையும் தட்டினேன். வழக்கமாக நாம் கட்டுரையைக் கொடுத்த பிறகுதான் அவர்கள் சம்பந்தப்பட்டவர்களை அழைத்துத் தகவல் சரிபார்ப்பார்கள். அதற்கு ஒரு மாதம் இருந்தது. அதற்குள் அவனிடம் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அடுத்த சனிக்கிழமை போனேன். சொல்லவில்லை. பேத்திக்குக் கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் இடம் கிடைத்த கதையை அவன் சொன்னான். கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

அந்த இதழின் புகைப்படக்காரர் ஒருவர் வேறு வேலையாக மதுரைக்கு வருவதாக இருந்தது. ஒரே செலவில் இதையும் முடித்துவிடலாம் என்று படப்பிரிவில் முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் நேராக அந்த எண்ணை அழைத்துவிட்டார்கள். அது வீட்டுத் தொலைபேசி. எடுத்தது மருமகள். அழைத்த பெண் நல்ல தமிழில், “பட்டாளத்தை விட்டு ஓடிவந்து ஒளிஞ்சிருந்தாரே, அவரோட மகன் வீடுதானே?” என்று கேட்டிருக்கிறாள்.

அன்று மதியம் அவன் என்னை அழைத்தான்.

“யாருகிட்டலே சொன்ன?”

அவனே தொடர்ந்தான்.

“பத்திரிகைக்காரிகிட்ட நாஞ் சம்மதிச்சேன்னு எழுதியிருக்கியாமே. என்னைக்குலே சம்மதிச்சேன்? கரையில உக்காந்து அழுதேனே, அதானா?”

“உங்கம்மா மேல இருந்த பழி...”

“எங்கம்மா பழிய எங்கம்மாதான் சொமந்தா. ஒனக்கு என்னலே அதுல பங்கு?” என்று போனை வைத்துவிட்டான்.

உடனே ஆசிரியைக்கு எழுதினேன். அவர் சம்மதிக்கவில்லை, நான் கேட்கவே இல்லை, உங்களிடம் இரண்டு முறை பொய் சொன்னேன், யோசனையைத் திரும்பப் பெறுகிறேன், எண்ணை அழித்துவிடுங்கள், அந்த வீட்டுக்கு மறுபடி யாரும் பேச வேண்டாம். எல்லா யோசனைகளுக்கும் நாள் கணக்கில் சொற்களைச் செதுக்கியவன், இதைக் கால் மணி நேரத்தில் எழுதி அனுப்பினேன். மாலையே பதில் வந்தது. கட்டுரை கைவிடப்படுகிறது, குடும்பத்தாரிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்கிறோம், இனி உங்கள் யோசனைகளை எங்களால் பரிசீலிக்க இயலாது. நியாயமான பதில். அதை நான் யாரிடமும் குறை சொன்னதில்லை.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அவன் கதவருகே நின்றான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மருமகள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளையும் கூப்பிடச் சொன்னேன். இருவர் முன்னாலும் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். மாமா யாரிடமும் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை, நான்தான் பொய் எழுதினேன் என்றேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“மத்ததெல்லாம் உண்மைதானா? ஆச்சி கதை?”

நான் அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். பதில் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைத்தது.

“உண்மைதாம்மா,” என்றான் அவன்.

“அவங்களுக்கு நேத்தே போன்ல சொல்லிட்டேன் மாமா,” என்றாள் அவள். புருஷனைச் சொன்னாள். “எனக்குப் பயமாயிருந்துச்சு.”

அவன் உள்ளே போய்விட்டான். அதன் பிறகு சனிக்கிழமைகளில் நான் போகவில்லை. கட்டுரை எழுதுவதையும் விட்டேன். அது தண்டனை என்று சொல்ல மாட்டேன். ஒரு யோசனையை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அவ்வளவுதான்.

சில ஆண்டுகள் கழித்துப் பேத்தியின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. எங்கள் பக்கத்தில் வேண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். தபாலில் அனுப்புவது ஊர்க் கணக்குக்கு. ஆனாலும் போனேன். மண்டபத்தில் அவன் எல்லோருக்கும் சொல்வது போல எனக்கும் கைகூப்பி, “வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க” என்றான். பந்தியில் அவன் மகன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஓய்வு பெற்று வந்திருந்தான். தலை நரைத்திருந்தது.

“சார், ஆச்சி நல்லவங்கன்னு தெரிஞ்சது எனக்குச் சந்தோசந்தான்,” என்றான். “தாத்தா படத்தையும் நான் எறக்கல. ஆனா அத எங்கப்பா வாயால நான் கேட்டிருக்கணும். பத்திரிகை ஆபீஸ்ல யாரோ ஒரு பொண்ணு சொல்லி, என் வீட்டுக்காரி போன்ல அழுதுக்கிட்டே சொல்லிக் கேட்டேன். அப்பா இன்னும் எங்கிட்ட அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல. நான் ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிருதாக.”

நான் வேண்டுமானால் அப்பாவிடம் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம் சார்,” என்றான். “நீங்க பேச வேண்டாம்.”

இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தேன்.