சூல்வே உட்கார்ந்து வாசிக்க மாட்டாள்

ஜாம்பியாவின் தெற்கில், எங்கள் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் ஆங்கிலச் செய்திகளை டோங்கா மொழிக்கு மாற்றுபவள் சூல்வே. எழுதியதை உரக்க வாசிக்காமல் அனுப்ப மாட்டாள். வாசிக்கும்போது உட்காரவும் மாட்டாள். சுவருக்குச் சுவர் நடப்பாள்.

அன்று, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்புக் கரைசல் கலக்கும் முறை தாய்மார்களின் போன்களுக்குப் போகவேண்டியிருந்தது. அதிகாரி ஹமூஞ்சே வாசலில் நின்று பொறுமையிழந்தார்.

"பாட்டா பாடுற? அனுப்பும்மா!"

"முதல் வரி ரொம்ப நீளம் சார், மூச்சு வாங்குது."

அதை இரண்டாக வெட்டினாள். மறுபடி வாசித்தாள். ஒரே இடத்தில் இரண்டு முறை நின்றாள்.

"சிஸ்டர், இந்த வரி சட்டுனு முடிஞ்சுபோகுது. நான் வாசிக்கிறேன், நீங்க இங்கிலீஷ்ல விரல் வச்சுட்டே வாங்க."

ஓய்வுபெற்ற பின்னும் அங்கே உதவிக்கு வரும் நர்ஸ் நான், விரல் வைத்தேன்.

"தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். பொடியைக் கலந்து கொடுங்கள்."

என் விரல் நடுவிலேயே நின்றுவிட்டது. "ஆற வைக்கணும்னு இதுல இருக்கு. உன்கிட்ட இல்லையே!"

"அதுகூடவா ஒரு தாய்க்குத் தெரியாது?" என்றார் ஹமூஞ்சே.

"பயத்துல இருக்கிறவ சொன்னதைத்தான் செய்வா சார். வெந்துபோன வாய்க்கு நான் மருந்து போட்டிருக்கேன்" என்றேன்.

சூல்வே விட்டதைச் சேர்த்தாள். ஹமூஞ்சே அனுப்பச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் முதல் வரியிலிருந்து மறுபடி நடக்கத் தொடங்கினாள். இந்த முறை நாக்கு எங்கும் இடறவில்லை. அனுப்பிய பிறகுதான் உட்கார்ந்தாள்.