கேட்கிறவர்களைத்தான் முதலில் நிறுத்துவார்கள்

கலைவாணி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மகள் திரும்பிப் போகும்போது வறுத்துக் கொடுத்தனுப்ப வேண்டும். கை அது பாட்டுக்கு உரித்தது. கண் மட்டும் கட்டிலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ஹரிதாவை விட்டு நகரவில்லை.

"பத்து நாள் லீவுன்னு வந்துட்டு இன்னாடி எழுதிக்கினே கீறே?"

"நாளைக்கு மேனேஜர்கிட்ட பேசணும்மா. இன்டர்ன்ஷிப் முடிஞ்சப்புறம் அங்கேயே வேலைக்கு வெச்சிக்குவீங்களான்னு கேக்கப் போறேன்."

கலைவாணியின் கை நின்றது.

சித்தூர் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் பதினாலு சீசனாகப் பழம் பிரிக்கிறவள் அவள். மே மாதம் கூப்பிடுவார்கள், ஜூலை முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். கூட வேலை பார்த்த கன்னியம்மாள் ஒருநாள் சூப்பர்வைசர் வேதாச்சலத்திடம், "என் வேலை எப்படி கீது சார்? பர்மனென்ட் பண்ணுவீங்களா?" என்று கேட்டாள். மறுவாரம் வேலைக்குக் கூப்பிடும் லிஸ்டில் அவள் பெயர் இல்லை. அன்றிலிருந்து கலைவாணிக்கு அது ஒரு சட்டம். திருப்பதியில் இன்ஜினியரிங் முடித்து மேற்படிப்புக்காக ஜெர்மனிக்குக் கிளம்பிய மகளிடமும் அதையேதான் சொல்லி அனுப்பினாள்: "தலையைக் குனிஞ்சிக்கினு வேலையைப் பாரு. எதையும் கேக்காதே."

படிப்பின் நடுவே அங்கேயே ஹரிதாவுக்கு ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்தது. பாட்டிலில் ஜூஸ் நிரப்பும் மெஷின் செய்கிற கம்பெனி. மெஷினை ஓட்டும் புரோகிராமைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. அம்மா சொன்னபடியே முதல் இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. ஒரு இடத்தில் சிக்கி மூன்று நாள் தவித்து, ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து முடித்து அனுப்பினாள். சபாஷ் என்பார்கள் என்று பார்த்தால், மேனேஜர் ஆன்யா திங்கட்கிழமை தனியே கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வேலை செய்யக்கூடாதுன்னு சொன்னாங்கம்மா. அரை நாள் முயற்சி பண்ணு, முடியலைன்னா கேளு; நீ சிக்கிக்கினு கீறேன்னு எனக்கு எப்படித் தெரியும்னாங்க."

"வேவு பாக்கிறாங்க" என்று அப்போதே போனில் சொன்னாள் கலைவாணி.

அதன்பிறகு ஹரிதா வழக்கத்தை மாற்றிக்கொண்டாள். வெள்ளிக்கிழமைதோறும் நாலு வரி மெயில்: என்ன முடிந்தது, எது நிற்கிறது, அடுத்து என்ன. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆன்யாவிடம் ஒரே கேள்வி: நான் எதை மாற்றிச் செய்யணும்? சொன்னதைச் செய்துவிட்டு, அடுத்த முறை அதைக் காட்டினாள்.

"உன் குறையை நீயே போயி கேட்டு வாங்கிக்கினு வர்றியா? அதையெல்லாம் எழுதி வெச்சிக்கினு கடைசி நாள்ல படிப்பாங்க."

"படிக்கட்டும். திருத்துனதையும் சேத்துத்தானே படிக்கணும்?"

"நாலு மாசந்தானே ஆச்சி. ஆறு மாசமும் முடியட்டும், அப்புறமா கேளு" என்றாள் கலைவாணி, கடலையை மறுபடி கையில் எடுத்தபடி.

"முடிஞ்சப்புறம் கேட்டு இன்னாம்மா பண்றது? அடுத்த வருசத்துக்கு எத்தனை ஆளு எடுக்கிறதுன்னு இந்த மாசந்தான் முடிவு பண்றாங்க."

மறுநாள் சாயங்காலம் ஆன்யாவோடு வீடியோவில் பேச்சு. கலைவாணி துடைப்பத்தோடு வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றாள். இங்கிலீஷ் புரியாவிட்டாலும், முகம் பார்க்கத் தெரியாதா? ஹரிதா நிதானமாகப் பேசி நிறுத்தினாள். திரையில் அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஏதோ குறித்துக்கொண்டாள். கன்னியம்மாள் கேட்ட அன்றைக்கு வேதாச்சலமும் சிரிக்காமல்தான் குறித்துக்கொண்டார்.

"இன்னா சொன்னா?"

"இதுவரைக்கும் செஞ்சதை ஒரு பக்கம் எழுதிக் குடு, மேலிடத்துல பேசிப் பாக்கிறேன், வாக்கு குடுக்க முடியாதுன்னாங்க. மிச்சம் ரெண்டு மாசத்துல நான் எதைக் காட்டினா உங்களுக்குச் சொல்ல வசதியா இருக்கும்னு கேட்டேன். ஒரு மெஷினைத் தனியா சோதிச்சி முடின்னாங்க."

"வாக்கு குடுக்கல. வேலையை மட்டும் வாங்கிக்கப் போறா."

ஹரிதா ஜெர்மனிக்குத் திரும்பினாள். டிசம்பர் முதல் வாரம் கலைவாணி துணி மடித்துக்கொண்டிருந்தபோது வீடியோவில் கூப்பிட்டாள். மெஷினை முடித்துக் கொடுத்துவிட்டாள்; படிப்பு முடிந்ததும் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

"வாயாலயா, எழுத்துலயா?"

"எழுத்துலம்மா. நிரந்தர வேலை. மொதல் ஆறு மாசம் வெச்சிப் பாப்பாங்க. அது எல்லாருக்கும் உண்டு."

"பாத்தியா, சொன்னேனே, இன்னும் வெச்சிப் பாக்கத்தான் போறாங்க" என்றாள் கலைவாணி. குரலில் பழைய பிடிமானம் இல்லை.

"அம்மா, கன்னியம்மா ஆன்ட்டி எந்த மாசம் கேட்டாங்க?"

"ஜூலைக் கடைசியில. பழ லோடு வர்றது நின்னப்புறம்."

"மறுவாரம் லிஸ்ட்ல உன் பேர் இருந்துச்சா?"

கலைவாணி புடவையின் முனைகளைச் சேர்த்துப் பிடித்தபடி யோசித்தாள். இல்லை. சீசன் முடிந்துவிட்டதால் மறுவாரம் யாருக்குமே லிஸ்ட் போடவில்லை.

"நீ எப்பவாவது கேட்டிருக்கியாம்மா? மே மாசத்துல, பழம் மலையா குவிஞ்சி கெடக்கும்போது?"

கலைவாணி போனை அலமாரியில் சாய்த்து வைத்தாள். மடித்த துணியை அள்ளிக்கொண்டாள். "அம்மா, கேக்குதா?" என்று போன் இரண்டு முறை கேட்டது. அவள் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.