குளிர் விட்ட உருளைக்கிழங்கு

மேடவாக்கத்துக்குக் குடிவந்து, மகள் புதுப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து அங்கே மதியச் சாப்பாடு அவளுக்குத் தனியாக உட்கார்ந்துதான். அந்த சனிக்கிழமை முதன்முதலாக வகுப்புப் பெண்கள் மூன்று பேர் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். "எங்கம்மா ஓவன்லயே ஃப்ரைஸ் மொறுமொறுன்னு பண்ணுவாங்க" என்று இவள் அளந்துவிட்டு வந்திருந்தாள். மாட்டிக்கொண்டது நான்தான்.

ஏனென்றால் எங்கள் ஓவன் அதுவரை பெரும்பாலும் தோசைக்கல் வைக்கும் அலமாரி. போன தடவை சூடேற்றாத தட்டில் குவித்துப் போட்டு, துவண்ட உருளைக்கிழங்கைத்தான் எடுத்தேன். இந்த முறை பாடம் படித்துவிட்டேன். தோசைக்கல் காயாமல் யாராவது மாவு ஊற்றுவார்களா? தட்டும் அப்படித்தான்.

இரண்டு தட்டுகளையும் காலியாக உள்ளே வைத்து, இருநூற்று இருபது டிகிரியில் சூடேற்றிவிட்டு ஃப்ரீசரைத் திறந்தால் கூடவே வாங்கியிருந்த நக்கெட்ஸ் பாக்கெட் மட்டும் இருக்கிறது. ஃப்ரைஸ் பாக்கெட் மேடையில் வியர்த்துக்கொண்டு கிடந்தது.

"காலைலயே எடுத்து வச்சுட்டேன். இட்லி மாவு மாதிரி குளிர் விடட்டும்னு" என்றார் கணவர், பெருமையாக.

எனக்கு வந்த கோபத்தில் ஓவனே தேவைப்பட்டிருக்காது. "என்னங்க, ஐஸா இருக்கும்போதே சூட்டுல போடணும். இது தண்ணி விட்டுக் கூழாயிடும். போய் வேற வாங்கிட்டு வாங்க."

தண்ணீர் லாரிகளுக்கு நடுவில் ஸ்கூட்டரை ஓட்டி, புது பாக்கெட்டைக் குளியல் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பின்னாலேயே லிஃப்டில் தோழிகள்.

சூடான தட்டில் எண்ணெய் தடவி ஃப்ரைஸைப் பரப்பினேன். சுர்ரென்று ஒரு சத்தம். ஆகா, எனக்கு உயிர் வந்தது. ஒன்றோடொன்று ஒட்டாமல் இடம் விட்டேன். நக்கெட்ஸ் கீழ்த்தட்டில். பாதி வேக்காட்டில் மகள் தோசைத் திருப்பியால் எல்லாவற்றையும் புரட்டிப்போட, நான் மேல்தட்டைக் கீழேயும் கீழ்த்தட்டை மேலேயும் மாற்றினேன். மூன்று பெண்களும் ஓவன் கண்ணாடி முன்னால் குந்திவிட்டார்கள். ஓரங்கள் பொன்னிறமாகச் சிவப்பதைப் பார்த்து எனக்கே கைதட்டத் தோன்றியது.

தட்டு மேசைக்கு வந்தது. கடித்தால் மொறுக்கென்ற சத்தம் ஹால் வரைக்கும் கேட்டது. எங்களுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. குளிர் விட்ட பாக்கெட்டைக் கணவருக்கே பொரியலாக்கினேன்.

கிளம்பும்போது ஒரு பெண் செருப்பை மாட்டிக்கொண்டே என் மகளிடம் சொன்னாள்:

"மண்டே லன்ச்சுக்கு இதைக் கொண்டு வாடி."

"டப்பால போட்டா நமுத்துடும்டி."

"அப்ப சும்மா வா. எங்க பெஞ்சுல இடம் போட்டு வைக்கிறோம்."

கதவைச் சாத்தினோம். மகள் நேராகச் சமையலறைக்குப் போய், ஆறிக்கொண்டிருந்த தட்டுகளை அவளாகவே கழுவ ஆரம்பித்தாள்.