நடுவில் நின்ற சூடு

மண்ணூரில் ராஜம்மா மெஸ் என்றால் ஷிப்ட் பஸ் டிரைவர்களுக்குக்கூடத் தெரியும். முதல் ஷிப்டுக்குப் போகும் பையன்கள் பஸ் வருவதற்குள் நாலு இட்லியைக் குழம்பில் முக்கி விழுங்கிவிட்டு ஓடுவார்கள். மதியத்துக்கும் அதே குழம்பு சோற்றோடு டப்பாவில் போகும். அறைக்கு எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் கான்ட்ராக்ட் பையன்களுக்கு அவள்தான் அம்மா, அவள்தான் அதட்டல். கை ராசி உள்ளவள் என்று ஊரே சொல்லும். அதை ஊரைவிட அதிகமாக நம்பியவள் ராஜம்மாதான். வினையே அங்கேதான் தொடங்கியது.

ஆரம்பத்தில் சின்னப் பாத்திரத்தில் விடியலில் சமைத்து விடியலிலேயே தீர்த்துவிடுவாள். பக்கத்தில் புதிதாக ஒரு கம்பெனி வந்து ஆட்கள் பெருகியதும் அது கட்டுப்படியாகவில்லை. மூடப்பட்ட ஓட்டல் ஒன்றிலிருந்து ஆளுயர ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கிப் போட்டாள். சாயங்காலமே ஒரு பெரிய குண்டான் குழம்பு வைத்து அதற்குள் ஏற்றிவிட்டால் காலையில் பாதி வேலை முடிந்தது. குண்டான் உள்ளே நுழையவில்லை. அதனாலென்ன, ஃப்ரிட்ஜின் கம்பித் தட்டுகளை எல்லாம் கழற்றி எடுத்துக் கழுவிய பாத்திரம் கவிழ்த்து வைக்கப் போட்டுவிட்டாள். குண்டான் ராஜா மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது.

அவளுடைய மருமகள் ஷாரோன் ஒரு கம்பெனி கேன்டீன் சமையல்கட்டில் வேலை பார்ப்பவள். அவள் பார்த்த அன்றே சொன்னாள்.

“அத்தை, இம்மாம் பெரிய குண்டான அப்டியே வெச்சா வெளியதான் ஜில்லுனு ஆவும். நடுவுல சூடு போவாது. எங்க கேன்டீன்ல அகலத் தட்டுங்கள்ல ரெண்டு வெரக்கட ஒசரத்துக்கு ஊத்தி, சீக்கிரமா ஆற வெச்சிட்டுதான் உள்ள வெப்பாங்க.”

“அத்தினி தட்ட யாரு கழுவறது? நீயா வந்து கழுவுவ? ஃப்ரிட்ஜுக்குள்ள போனா எதுவும் கெடாது. அதுக்குதான அத வாங்கனது?”

மாமியாரிடம் ஒரு தடவைக்கு மேல் சொல்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

குண்டான் நிறையக் கோழிக் குழம்பு வைத்த மறுநாள் காலை, அடியிலிருந்து கரண்டியால் கிளறியபோது நடுக் குழம்பு இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தது. ராஜம்மாவுக்கு அதில் சந்தோஷம். கேஸ் மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள். பஸ் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கொதிக்கவிட நேரமில்லை. லேசாகச் சுட வைத்து எல்லாருக்கும் ஊற்றினாள்.

இருட்டுவதற்குள் அறை அறையாகப் பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். கக்கூஸ் வாசலில் வரிசை. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டொரு நாளில் தேறிவிட்டார்கள். ஆனால் “ராஜம்மா சோறு” என்று ஒருவன் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்துவிட்டது. அவளால் தாங்க முடியவில்லை. தன் கை தப்பு செய்யாது. அப்படியானால் கோழிதான் தப்பு.

கோழிக்கடை கோபால் அவளைவிடப் பத்து வயது சின்னவன். கடை போட்ட நாளிலிருந்து அக்கா அக்கா என்று காலைச் சுற்றுகிறவன். அவள் மகன் ஜெபகுமார் கல்யாணத்துக்குக் கறி முழுவதையும் நின்று வெட்டிக் கொடுத்தவன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கடையை அடைத்து நின்ற நேரமாகப் பார்த்து ராஜம்மா அங்கே போய் நின்றாள்.

“செத்த கோழிய எந்தலையில கட்டிட்டியேடா! எம்புள்ளிங்க எல்லாம் படுத்துகினு கீதுங்க. ஒனக்கு மனசாட்சி கீதா?”

கோபால் கத்தியைக் கீழே வைத்தான். “இன்னாக்கா சொல்ற? உங்கண்ணு எதிர்லதான வெட்னேன்? ஒவ்வொண்ணா நீதான காட்டன?”

அது உண்மை. கூண்டுக்குள் துள்ளிய கோழிகளை இது, அது என்று கை நீட்டித் தேர்ந்தெடுத்தவளே அவள்தான். ஆனால் கத்த ஆரம்பித்த வாயை நடுவில் எப்படி மூடுவது? இன்னும் உரக்கக் கத்தினாள். கூட்டம் கரைந்தது. பையன்கள் அதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கடைக்குச் செத்த கோழிக் கடை என்றே பெயர் ஆகிவிட்டது. சில மாதத்தில் கோபால் ஷட்டரை இறக்கிவிட்டு ஒரகடம் பக்கம் ஏதோ குடோனில் செக்யூரிட்டியாகப் போய்விட்டான். ராஜம்மா அந்த வழியாகப் போகும்போது பூட்டிய ஷட்டரைப் பார்க்காமல் நடந்தாள். தன் பக்கம்தான் நியாயம் என்று மனசுக்கு அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏப்ரல் வெயிலில் ஒரு நாள் குண்டான் நிறையக் கொண்டைக்கடலைக் குழம்பு வைத்தாள். காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் குண்டானின் வெளிப்புறம் விரல் விறைக்கும் குளிர். மூடியைத் தூக்கினாள். மேலே நுரை. புளித்த வாடை. கரண்டியை நடுவில் விட்டுக் கொஞ்சம் எடுத்துப் புறங்கையில் ஊற்றிப் பார்த்தாள். குழந்தைக்கு ஊற்றும் வெந்நீர்ச் சூட்டில் இருந்தது.

இதில் கோழி இல்லை.

ராஜம்மா ஃப்ரிட்ஜ் கதவைக்கூடச் சாத்தாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கும் இதே வெதுவெதுப்புதான். ராத்திரி முழுக்க அந்தச் சூட்டில் கெட்டுப்போனதைத்தான் கேஸ் மிச்சம் என்று சந்தோஷப்பட்டு, கொதிக்கக்கூட விடாமல், தன் கையால் ஊற்றியிருக்கிறாள். கோபால் முகம் கண்முன் வந்தது. அழுகை வந்தது. அழுவதற்கும் கூச்சமாக இருந்தது.

குழம்பைக் கொட்டிவிட்டுப் பையன்களுக்குச் சட்னி அரைத்துப் போட்டாள். அன்று சாயங்காலம் ஷாரோன் சொல்லச் சொல்ல, புதிய குழம்பை அடுப்பிலிருந்து இறக்கியதுமே அகலமான எவர்சில்வர் தட்டுகளில் இரண்டு விரற்கடைக்குமேல் போகாமல் பிரித்து ஊற்றினாள். தட்டுகளைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துக் கிளறிவிட்டார்கள். குண்டானில் ராத்திரி முழுக்க ஆறாத சூடு, பாத்திரம் தேய்த்து முடிப்பதற்குள் அடங்கிவிட்டது. கம்பித் தட்டுகளைத் துடைத்து மறுபடி ஃப்ரிட்ஜில் மாட்டி, குழம்புத் தட்டுகளை அவற்றின் மேல் இடைவெளி விட்டு அடுக்கினார்கள். காலையில் தொட்டால் ஓரமும் நடுவும் ஒரே ஜில். பஸ் ஹாரன் அடித்தபோதும் தளதளவென்று கொதித்த பிறகே இறக்கினாள்.

“இவ்ளோதானாடி ஷாரோனு?” என்றாள். மருமகள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ராஜம்மாவுக்கு.

அன்றைக்கே ஷேர் ஆட்டோ பிடித்துக் குடோனுக்குப் போனாள். நீல யூனிபார்மில் கோபால் கேட்டருகே நின்றிருந்தான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“கோபாலு, உங்கோழி மேல தப்பு இல்லடா. நாந்தான் குண்டானோட அப்டியே ஃப்ரிட்ஜில வெச்சிக் கெடுத்துட்டேன். என்ன மன்னிச்சிரு.”

அவன் உள்ளே நுழைந்த லாரியின் நம்பரை நோட்டில் எழுதிவிட்டுத் திரும்பினான். கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இத இங்க வந்து சொல்றியேக்கா. இங்க யாரு கீறா கேக்க? அன்னிக்கி ஜனங்க எதிர்ல சொன்ன இல்ல, அவுங்க எதிர்ல சொல்லு.”

நியாயம்தான். மறுநாள் காலை மெஸ் நிறையப் பையன்கள். ராஜம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எல்லாரும் கேளுங்க. அன்னிக்கி உங்களுக்கு வயித்தால போச்சே, அது கோபால் கோழியால இல்ல. தப்பு என் மேல. ஒருத்தர் விடாம எல்லாருக்கும் சொல்லுங்க.”

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜம்மா ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அன்று சுருண்டு படுத்த பையன்களில் ஒருவன்கூட அங்கே இல்லை. கான்ட்ராக்ட் முடிந்து ஊர் ஊராகப் போய்விட்டிருந்தார்கள், அந்தப் பேச்சையும் கூடவே கொண்டுபோய்.

இட்லித் தட்டோடு நின்ற ஒருவன் மரியாதையாகத்தான் கேட்டான்.

“கோபால்னா யாரும்மா?”