மூன்றாவது இணைப்பு

தாம்பரத்தை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். யாராவது லீவு லெட்டரை நீட்டினாலே என் முகம் சுளித்துக்கொள்ளும். பாதிப் பேருக்குத் தலைவலி, மீதிப் பேருக்குத் தூரத்துச் சொந்தத்தில் சாவு என்று நக்கலடிப்பேன். அதை என் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் டிசம்பரில் எங்கள் கணக்கு டீச்சர் ஒரு விண்ணப்பம் கொண்டுவந்தார். முடிச்சூரிலிருந்து ஸ்கூட்டியில் வருபவர், அதிர்ந்து பேசாதவர். ஆஸ்திரேலியாவில் தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானம், குழந்தையை ஏந்தி ஞானத்தாயாக இவர் நிற்க வேண்டும், ஜனவரி கடைசியிலிருந்து முப்பது நாள் ஈட்டிய விடுப்பும் வெளிநாடு செல்ல முன் அனுமதியும் வேண்டும் என்று எழுதியிருந்தார். நான் பரிந்துரைத்துக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினால்தான் மேற்கொண்டு நகரும்.

இணைப்புகளைப் புரட்டினேன். பாஸ்போர்ட் நகல் இருந்தது. குறித்த நாளில் திரும்புவேன், அங்கே வேலை தேட மாட்டேன் என்ற உறுதிமொழி இருந்தது. மூன்றாவது, அழைப்புக் கடிதம். கோடு போட்ட தாளில் கையெழுத்தில் இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஒரு டிக் போட்டேன்.

"அப்பா லெட்டரும் உள்ள இருக்கு மேடம்" என்றார்.

"எல்லாம் சரியா இருக்கு டீச்சர். தேதிதான் சரியில்ல" என்றேன்.

திருப்புதல் தேர்வு நடக்கும் மாதங்கள் அவை. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க வேறு ஆள் இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். கல்யாணமா, முகூர்த்தம் தப்பிப்போக? மே மாத விடுமுறையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அப்போது அனுமதி மட்டும் வாங்கினால் போதும், உங்கள் விடுப்பும் மிச்சம் என்று அவருக்கு நல்லது செய்வதுபோல் விளக்கினேன். தேதி மாறுவதால் தம்பியிடம் புது அழைப்பு வாங்கச் சொன்னேன். கையெழுத்தில் வேண்டாம், டைப் அடித்து வரட்டும் என்றும் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரிங்க மேடம்" என்று எழுந்து போனார். பழைய கட்டு என் மேஜை டிராயரிலேயே தங்கிவிட்டது.

புது விண்ணப்பம் வந்த அன்றைக்கே அதை மேலே அனுப்பினேன். என் கடமை முடிந்தது.

பிப்ரவரியில் இரண்டாம் திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது, கணக்கு டீச்சர் அழுதுகொண்டே வந்து, அப்பா தவறிவிட்டார் என்றார். மகனோடு ஆஸ்திரேலியாவில்தான் இருந்திருக்கிறார். மே மாதம்தானே என்று டீச்சர் விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. துக்கம் கேட்க முடிச்சூருக்குப் போனேன். ஆஸ்திரேலியாவில் கோவிலில் நடந்த அடக்க ஆராதனையை டீச்சர் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை எடுக்கும்போது அவர் எழுந்து நின்றார். எல்லோரும் எழுந்தோம். அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கையில் எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது. தம்பி குழந்தையின் ஞானஸ்நானத்துக்காக மே மாதம் சென்றுவர அனுமதி. அதைக் கோப்பில் சேர்க்கப் பழைய கட்டையும் எடுத்தபோதுதான் மூன்றாவது இணைப்பைப் படித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், அதுதான்.

எழுதியவர் டீச்சரின் அப்பா; கையெழுத்துக்குக் கீழே 'தாம்பரம் ரயில்வே, ஓய்வு' என்று போட்டிருந்தார். எழுத்து நடுங்கினாலும் வரி கோணவில்லை. 'டாக்டர் ஈஸ்டர் வரை உறுதி சொல்லவில்லை அம்மா. நீ வந்து குழந்தையைக் கையில் ஏந்தி நிற்பதைப் பார்த்துவிட வேண்டும். இதை உங்கள் எச்.எம். அம்மாவிடம் காட்டு. படித்தால் மறுக்க மாட்டார்கள்' என்று எழுதியிருந்தார். அதன் தலைமேல் என் பென்சில் டிக்.

டீச்சரைக் கூப்பிட்டேன். ஆணையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கடிதத்தையும் அவரிடம் கொடுத்தேன். இவ்வளவு இருந்தும் ஏன் டீச்சர் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அப்போதுகூட பழியில் பாதியை அவர் மேல் தள்ளத்தான் பார்த்தேன்.

அவர் கோபப்படவில்லை. கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீங்க படிச்சிட்டுத்தான் மே மாசம்னு சொல்றீங்கன்னு நினைச்சேன் மேடம்" என்றார்.

அப்போது மணி அடித்தது. பத்தாம் வகுப்புக்கு அவருடைய பீரியட். போய்விட்டார்.